நெட்டை எல்லாம் இழுப்பது எந்தக் கருவி? ரவுட்டரைத் திறந்து கண்டுபிடிக்கும் வழி

மதுரையில் அக்கா வீட்டில் ஒன்றரை வாரமாக ஒரே புகார். பகலெல்லாம் நன்றாக ஓடும் நெட், ராத்திரி ஒன்பது மணியானால் படுத்துவிடுகிறது. துபாயில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேச உட்கார்ந்தால் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது, பேச்சு துண்டு துண்டாக வருகிறது. லைன் கொடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் காலையில் வந்து சோதித்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று போய்விட்டார். காலையில் சரியாகத்தான் இருந்தது, அவர் சொன்னதில் பொய்யில்லை. கடைசியில் பழி முழுக்கச் சின்னவன் தலையில் விழுந்தது. "இவன் கேமை நிறுத்தினாத்தான்டா இந்த வீட்ல நெட் வரும்" என்றாள் அக்கா.

அவன் கேம் காரணமே இல்லை. உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கூடுதலாக எதுவும் வாங்கவில்லை. ரவுட்டருக்குள் இருந்த இரண்டு பக்கங்களும் ஒரு லேப்டாப்பும் போதுமாக இருந்தன. அன்று செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன். உங்கள் ரவுட்டரில் மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறலாம், வேலை இதுதான்.

லைன் நிரம்பியிருக்கிறதா, வைஃபை சரியில்லையா?

நெட் மெதுவாக இருக்கிறது என்றவுடனே ஏதோ ஒரு கருவிதான் எல்லாவற்றையும் இழுக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. வைஃபை சிக்னல் மோசமாக இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். மாதத்துக்கான டேட்டா அளவு தீர்ந்து, நிறுவனமே ஸ்பீடைக் குறைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். இந்தக் கடைசிச் சந்தேகத்தை நிறுவனத்தின் ஆப்பிலேயே ஒரு நிமிடத்தில் தீர்த்துக்கொள்ளலாம். அப்படி ஸ்பீட் குறைந்திருந்தால் நாள் முழுக்க மெதுவாக இருக்கும். ராத்திரி மட்டும் படுக்காது.

மற்றதைப் பிரித்துப் பார்க்க பிங் போதும். பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, முதலில் `ipconfig` என்று அடியுங்கள். அதில் Default Gateway என்ற வரியில் வரும் எண்தான் உங்கள் ரவுட்டரின் முகவரி. அக்கா வீட்டில் அது 192.168.0.1. அப்புறம் இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

```
ping -n 20 192.168.0.1
ping -n 20 8.8.8.8
```

முதலாவது உங்கள் லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை போய்வர ஆகும் நேரம். இரண்டாவது வீட்டைத் தாண்டி, கூகுளின் ஒரு சர்வர் வரை போய்வர ஆகும் நேரம். ரவுட்டர் வரையிலேயே நூறு, இருநூறு மில்லிசெகண்ட் என்று எகிறினால் கோளாறு வைஃபையில் இருக்கிறது. லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோயோ, கேபிள் செருகியோ மறுபடி பாருங்கள். ரவுட்டர் வரை ஒழுங்காக இருந்து, வெளியே போகும்போது மட்டும் எகிறினால் இரண்டு காரணம் இருக்கலாம். வீட்டில் யாரோ லைனை நிரப்புகிறார்கள், அல்லது வெளியே லைனில் கோளாறு. இதைப் பிரிக்க, மற்ற எல்லாக் கருவிகளையும் இரண்டு நிமிடம் துண்டித்துவிட்டு இரண்டாவது பிங்கை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். எண் இறங்கினால் திருடன் வீட்டுக்குள்தான்.

அக்கா வீட்டில் ராத்திரி ஒன்பதே காலுக்கு ரவுட்டர் வரை 2, 3 மில்லிசெகண்ட்தான். வெளியே 850 முதல் 1100 வரை. காலையில் அதே பிங் 20க்குள் இருந்தது. ஸ்பீட் டெஸ்ட் செய்தபோது டவுன்லோட் 9 எம்பிபிஎஸ் வந்தது. வழக்கமாக 30 வரும். அப்லோட் 0.4, காலையில் 4 வந்தது. டவுன்லோட் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததைப் பார்த்து எல்லாரும் "யாரோ ஏதோ டவுன்லோட் பண்றாங்க" என்றார்கள். எனக்கு அந்த 0.4தான் உறுத்தியது. பத்தில் ஒரு பங்கு.

அப்லோட் நிரம்பினால் டவுன்லோடும் ஏன் படுக்கிறது

இதை விளங்கிக்கொள்ளாமல் ரவுட்டரின் எண்களைப் பார்த்தால் தவறான ஆளைப் பிடித்துவிடுவோம்.

நாம் எதையாவது டவுன்லோட் செய்யும்போது, வந்துசேர்ந்த துண்டுகளுக்கெல்லாம் "வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு" என்று நம் கருவி பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் சின்னதுதான். ஆனால் அது போகவேண்டியது அப்லோட் வழியாக. அந்த வழியில் ஏற்கெனவே ஒரு பெரிய கோப்பு அடைத்துக்கொண்டு நின்றால், இந்தச் சின்னப் பதில்களும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். பதில் வராததால் அந்தப் பக்கத்துச் சர்வரும் மெதுவாகத்தான் அனுப்பும்.

வரிசை எவ்வளவு நீளம் என்பதையும் கணக்குப் போடலாம். 4 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் நொடிக்கு அரை மெகாபைட். ரவுட்டரோ மோடமோ அரை மெகாபைட் அளவுக்குத் துண்டுகளை வரிசையில் சேர்த்து வைத்திருந்தால், கடைசியில் வந்து சேரும் துண்டு வெளியே போக ஒரு முழு நொடி ஆகும். பிங்கில் நான் பார்த்த ஆயிரம் மில்லிசெகண்ட் அதுதான். யூடியூப் இதைத் தாங்கிக்கொள்ளும், ஏனென்றால் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. வீடியோ கால் தாங்காது. அதனால்தான் அந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது, துபாய் முகம் மட்டும் உறைந்தது.

பெரிய பிளானில் அப்லோடும் டவுன்லோடும் சமமாக இருக்கும் வீடுகளில் இது அவ்வளவு சுலபமாக நடக்காது. அப்லோட் குறைவாக இருக்கும் லைன்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது என்பது என் அனுபவம்.

எந்தப் பெட்டிக்குள் பார்ப்பது

பல வீடுகளில் இரண்டு பெட்டி இருக்கும். ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஒன்று, நாமே வாங்கி அதில் செருகிய ரவுட்டர் ஒன்று. எல்லாக் கருவிகளும் நம் ரவுட்டரில் சேர்ந்திருந்தால், ஃபைபர் பெட்டியின் பட்டியலில் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்: நம் ரவுட்டர். "ஒரே கருவிதான் எல்லாத்தையும் இழுக்குது" என்று ஒருவர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அவர் சந்தேகப்பட்ட கருவி அவருடைய சொந்த ரவுட்டர். கருவிகள் எந்தப் பெட்டியின் வைஃபையில் சேர்ந்திருக்கின்றனவோ, அந்தப் பெட்டிக்குள்தான் பார்க்க வேண்டும். இரண்டிலும் வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் இரண்டிலும் பாருங்கள். வைஃபை எக்ஸ்டெண்டர் இருந்தாலும் இதே குழப்பம் வரலாம்: அதன் வழியாக வரும் போன்கள் பட்டியலில் வேறு முகவரியோடு தெரியக்கூடும்.

பிரவுசரில் ரவுட்டர் முகவரியை அடித்தால் உள்ளே நுழையும் பக்கம் வரும். கடவுச்சொல் நீங்கள் வைத்ததுதான், வைக்கவில்லை என்றால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். இது வைஃபை கடவுச்சொல் இல்லை, வேறு. ரவுட்டரின் ரீசெட் பட்டனை அழுத்தி உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லைனுக்கான யூசர்நேமும் கடவுச்சொல்லும் அதில் சேமித்திருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும்.

பட்டியலில் யார் யார்

அக்கா வீட்டில் இருந்தது டிபி-லிங்க்கின் பழைய பச்சை நிறப் பக்கம் கொண்ட ரவுட்டர். அதில் DHCP என்பதற்குள் DHCP Client List இருக்கும். வேறு ரவுட்டர்களில் Connected Devices, Clients, Device List என்று இருக்கலாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு ஐபி முகவரி, ஒரு மேக் முகவரி. மேக் முகவரி என்பது கருவியின் அடையாளம், ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக இருக்கும்.

இந்தப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். டிஹெச்சிபி பட்டியல் என்பது முகவரி கொடுக்கப்பட்டவர்களின் பதிவு. மத்தியானம் வந்துபோன விருந்தாளியின் போன் ராத்திரியும் அதில் இருக்கலாம். கையால் முகவரி போட்டு வைத்த கேமரா அதில் இல்லாமலும் போகலாம். இப்போது யார் இருக்கிறார்கள் என்பதற்கு வைஃபை பகுதியில் தனியாக ஒரு பட்டியல் இருக்கும். அந்த ரவுட்டரில் அது Wireless Statistics.

நான் ஒரு தாளை எடுத்து 11 வரிகளையும் எழுதினேன். பெயரைப் பார்த்தே ஐந்தைக் கண்டுபிடித்துவிட்டேன்: டிவி, இரண்டு லேப்டாப், மாடல் எண்ணோடு இருந்த இரண்டு போன். ESP என்று தொடங்கும் பெயர் ஒன்று இருந்தது. அது எஸ்பிரெசிஃப் சிப் போட்ட கருவி. ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்பு போன்றவற்றில் அந்த சிப் இருக்கும். அக்கா வீட்டில் ஹாலில் ஒரு பிளக். இப்படித் தெரியாத பெயரைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வைஃபையைத் திருடுகிறார் என்று கிளம்புபவர்கள் நிறையப் பேர். முதலில் வீட்டில் இருப்பதை எண்ணுங்கள். மறந்துபோன பழைய டேப்லெட், கேமரா, பிரிண்டர் எல்லாம் கணக்கில் வரும்.

மேக் முகவரியின் முதல் மூன்று ஜோடிகள் தயாரிப்பாளரைக் காட்டும்; இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் வரும். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தாமே ஒரு முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. அதைத் தேடினால் எந்த நிறுவனமும் வராது. அதைக் கண்டுகொள்ள ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தானாக உருவாக்கிய முகவரி. பெரும்பாலும் போன், சில சமயம் லேப்டாப். கேமராவோ பிளக்கோ இருக்க வாய்ப்பு குறைவு.

தாளில் பெயரில்லாமல் மிஞ்சியவற்றில் ஒன்று 6A என்று தொடங்கியது. ஐபி 192.168.0.106. அதை வட்டம் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கருவியும் எவ்வளவு இழுக்கிறது

அந்த ரவுட்டரில் System Tools என்பதற்குள் Statistics. முதலில் போனபோது வெறும் பக்கம். Current Statistics Status என்பது Disabled என்று இருந்தது. Enable அழுத்திய பிறகுதான் எண்ணத் தொடங்கும். அதற்கு முன் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

அக்கா வீட்டில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ராத்திரி 11 மணிக்கு மாமா ரவுட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். இந்த மாதிரிச் சின்ன ரவுட்டர்களில் கணக்கு தற்காலிக நினைவில்தான் இருக்கும், கரண்ட் போனால் எல்லாம் பூஜ்ஜியம். காலையில் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. அதனால் மறுநாள் ராத்திரி எட்டரைக்கே போய் Enable செய்துவிட்டு, Packets Statistics Interval என்பதை 10 நொடியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

வேறு ரவுட்டர்களில் ஒரு தடை வரலாம். வேகத்துக்காக ரவுட்டரின் சிப்பே நேரடியாகத் துண்டுகளைக் கடத்திவிடும் வசதி சிலவற்றில் உண்டு. NAT Boost, Hardware NAT என்று பெயர் இருக்கும். அது ஆனில் இருந்தால் கருவிவாரியாக எண்ண முடியாமல் போகலாம். ஒரு கருவி மும்முரமாகப் படம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அதன் எண் அசையாமல் நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள், பிறகு மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

ஒன்பது பத்துக்குப் பார்த்தேன். பட்டியலில் Total Bytes என்பது எண்ணத் தொடங்கியதிலிருந்து மொத்தம். Current Bytes என்பது கடைசி 10 நொடியில் எவ்வளவு என்பது. மொத்தத்தில் முதலிடம் டிவிக்கு, ஏறக்குறைய 1.5 ஜிபி. அடுத்தது 106, ஏறக்குறைய 0.9 ஜிபி. மூன்றாவது ஆள் வெகு தூரம் பின்னால். சின்னவனின் லேப்டாப் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. ஆன்லைன் கேம் விளையாடும்போது மணிக்குச் சில பத்து மெகாபைட்தான் போகும். புது கேமையோ அப்டேட்டையோ டவுன்லோட் செய்வது வேறு கதை.

மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் டிவியை அணைத்திருப்போம். நான் Current Bytes வரிசையை நான்கு தடவை புதுப்பித்து எழுதிக்கொண்டேன்:

```
                 1          2          3          4
TV           17900000     41000        0     16200000
.106          4960000   5010000   4940000    4980000
```

டிவி ஒரு பெரிய துண்டை இழுக்கிறது, சும்மா இருக்கிறது, மறுபடி இழுக்கிறது. வீடியோ பார்க்கும் எந்தக் கருவியும் இப்படித்தான் மூச்சு வாங்கும். 106 அப்படியில்லை. ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் ஓடுகிறது. அந்த மட்டத்தைக் கணக்குப் பார்த்தால், 10 நொடியில் சுமார் 50 லட்சம் பைட், அதாவது நொடிக்கு 5 லட்சம். பைட்டை பிட்டாக்க எட்டால் பெருக்கினால் 40 லட்சம் பிட். அது 4 எம்பிபிஎஸ். லைனின் முழு அப்லோட் அளவே 4தான். இந்தப் பழைய பக்கம் போவதையும் வருவதையும் சேர்த்தே எண்ணுகிறது, பிரித்துக் காட்டாது. ஆனாலும் ஒரு கருவி சரியாக உங்கள் அப்லோட் அளவிலேயே தட்டையாக ஓடினால், அது அப்லோட்தான் என்று சந்தேகிக்க அதுவே போதும்.

எட்டால் பெருக்குவதை விட்டுவிடாதீர்கள். ஸ்பீட் டெஸ்ட்டும் பிளானும் பிட்டில் பேசும், ரவுட்டர் பக்கங்களில் பல பைட்டில் பேசும். "நொடிக்கு 0.5 எம்பிதானே, அதுவா காரணம்" என்று அந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

உங்கள் ரவுட்டர் அப்லோடையும் டவுன்லோடையும் தனித்தனியாகக் காட்டினால் வேலை இன்னும் சுலபம். ஆசஸ் ரவுட்டர்களில் Bandwidth Monitor, Traffic Analyzer என்ற பக்கங்கள் அப்படிக் காட்டும். ஓபன்டபிள்யுஆர்டி என்ற மென்பொருளை ரவுட்டரில் போட்டவர்கள் `luci-app-nlbwmon` என்பதை நிறுவினால் கருவிவாரியாக இரண்டும் தனித்தனிப் பத்தியில் வரும்.

நிறுத்திப் பார்த்தால்தான் தீர்ப்பு

எண்கள் யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். உறுதி செய்வது பிங். லேப்டாப்பில் `ping -t 8.8.8.8` என்று ஓடவிட்டேன். இது நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் டிவியை அணைக்கச் சொன்னேன். 920, 1010, 890. ஒரு மாற்றமும் இல்லை. டிவியைத் திரும்பப் போட்டோம்.

இப்போது 106 யார்? ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அமைப்புக்குள் போய், சேர்ந்திருக்கும் நெட்வொர்க்கின் விவரத்தைத் திறந்தால் அதன் ஐபி முகவரியும் மேக் முகவரியும் இருக்கும். அக்கா போன், சின்னவன் போன் இரண்டும் இல்லை. மூலையில் சார்ஜில் கிடந்த மாமாவின் போனில் 192.168.0.106 என்று இருந்தது. "என் போனா? நான் அதத் தொடவே இல்லியே" என்றார். தொடாததுதான் விஷயம்.

அந்தப் போனின் வைஃபையை அணைத்தேன். ஐந்தாறு நொடியில் பிங் 870இலிருந்து 18க்கு வந்தது. ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டதும் மறுபடி ஏறத் தொடங்கியது. இரண்டு தடவை இப்படிச் செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன், தற்செயலாக ஒரு தடவை இறங்குவதும் உண்டு.

கருவிக்குள் எந்த ஆப்

ரவுட்டருக்குக் கருவிதான் தெரியும், ஆப் தெரியாது. போனின் அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியில் வைஃபைக்கான கணக்கைத் திறந்தால் ஆப் வாரியாக வரும். விண்டோஸில் Settings, Network & internet, Advanced network settings, Data usage. மாமாவின் போனில் முதலிடத்தில் இருந்தது போட்டோ ஆப். சமீபத்தில் புதுப் போன் வாங்கியிருக்கிறார். கடையில் பழைய போனில் இருந்த படங்களையும் வீடியோக்களையும் எல்லாம் மாற்றிக் கொடுத்து, கிளவுட் பேக்கப்பையும் ஆன் செய்து கொடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் கல்யாணங்கள் எல்லாம் 4கேயில். மொத்தம் ஏறக்குறைய 60 ஜிபி.

மற்றதெல்லாம் தானாகப் பொருந்தியது. மாமா எட்டரை மணிக்குக் கடையிலிருந்து வருவார், போனைச் சார்ஜில் போடுவார், வைஃபை கிடைத்ததும் பேக்கப் தொடங்கும். 11 மணிக்கு ரவுட்டர் அணைந்துவிடும். ராத்திரிக்குச் சுமார் இரண்டு மணி நேரம், நொடிக்கு அரை மெகாபைட் என்றால் 3.6 ஜிபி. 60 ஜிபி முடிய 17 ராத்திரி வேண்டும். அவர்கள் பத்தாவது ராத்திரியில் இருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருந்திருந்தால் கோளாறு தானாகவே காணாமல் போயிருக்கும், சின்னவன் குற்றவாளியாகவே இருந்திருப்பான்.

பிடித்த பிறகு

பேக்கப்பை ஒரேயடியாக அணைக்கச் சொல்லவில்லை. போன் தொலைந்தால் அந்தப் படங்கள்தான் மிஞ்சும். இரண்டு வழி இருந்தது.

ஒன்று, அந்தக் கருவிக்கு மட்டும் ரவுட்டரில் வரம்பு வைப்பது. இதற்கு முதலில் கருவியின் ஐபி மாறாமல் இருக்க வேண்டும். DHCP பகுதியில் Address Reservation போய், அதன் மேக் முகவரியோடு 106 என்பதைப் பதிந்து வைக்கலாம். தானாக உருவாக்கிய முகவரியாக இருந்தாலும் ஆண்ட்ராய்டு வழக்கமாக ஒரே வைஃபைக்கு ஒரே முகவரியையே வைத்துக்கொள்ளும், அதனால் பதிவு நிற்கும். ஐஓஎஸ் 18 முதல் ஐபோனில் அந்த வைஃபைக்கான முகவரி Rotating என்று இருந்தால் Fixed ஆக்குங்கள், இல்லையென்றால் கொஞ்ச நாளில் பதிவு பயனில்லாமல் போகும். அப்புறம் Bandwidth Control. அதில் Egress என்பது அப்லோட், Ingress என்பது டவுன்லோட், அளவு கேபிபிஎஸ்ஸில். மொத்த Egress என்ற இடத்தில் லைனின் முழு அளவான 4000 என்று போடாமல் 3500 போடுங்கள். அந்தச் சின்ன இடைவெளி இருந்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கும். பிறகு 192.168.0.106க்கு ஒரு விதி சேர்த்து, Egress அதிகபட்சம் 1500. இப்படி வைத்தால் பேக்கப்பும் நடக்கும், வீடியோ காலும் வெட்டாது. பேக்கப் முடியத்தான் நாளாகும். வரம்பு வைத்ததும் பிங்கை மறுபடி பாருங்கள், எண் இறங்கவில்லை என்றால் விதி வேறு ஐபிக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொரு வழி, எல்லாரும் தூங்கும்போது ஓடவிடுவது. அக்கா வீட்டில் இதைத்தான் செய்தோம். சாயங்காலம் ஆப்பில் பேக்கப்பை நிறுத்தி வைப்பது, படுக்கும்போது ஆன் செய்து போனைச் சார்ஜில் போடுவது, ரவுட்டரை மட்டும் அணைக்காமல் விடுவது. மிச்சம் 24 ஜிபி. முழு அப்லோடும் கிடைத்தால் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடியும், அதாவது இரண்டு ராத்திரி. ரவுட்டரை அணைக்காமல் படுக்க மாமாவைச் சம்மதிக்க வைப்பதுதான் மொத்த வேலையிலேயே கஷ்டமாக இருந்தது.

கருவிவாரிக் கணக்கே இல்லாத பெட்டியில்

நிறுவனம் கொடுக்கும் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் பட்டியல் இருக்கும், கணக்கு இருக்காது. அப்போது `ping -t` ஓடவிட்டுக்கொண்டு, பட்டியலில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாகத் துண்டித்து, அரை நிமிடம் பிங்கைப் பார்ப்பதுதான் வழி. கேபிளில் இருப்பவற்றைப் பிடுங்குங்கள், போன்களில் வைஃபையை அணையுங்கள். கிளவுடுக்கு வீடியோ அனுப்பும் கேமராக்களை முதலில் பாருங்கள், அவையும் அப்லோட்தான் செய்கின்றன. அடுத்ததைத் துண்டிக்கும்போது முந்தையதைத் திரும்பச் சேர்க்காதீர்கள். சில வீடுகளில் குற்றவாளிகள் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவரை மட்டும் வெளியேற்றினால் மற்றவர் அந்த இடத்தையும் எடுத்துக்கொள்வார், பிங் இறங்கவே இறங்காது.